சம்பளம் குறையுது, வீட்டுக்கு வர்ற பணம் குறையாது

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் கரூர். சென்னையில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் நாலரை வருடமாக சப்போர்ட் புராஜெக்டில் இருக்கிறேன். வருடத்துக்கான மொத்தச் சம்பளக் கணக்கான சி.டி.சி. 7.4 லட்சம், கைக்கு மாதம் 48,000 வருகிறது. கோயம்புத்தூரில் 28 பேர் வேலை செய்யும் ஒரு ஸ்டார்ட்அப்பில் 5.4 லட்சத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஜவுளி ஏற்றுமதியாளர்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பா கரூரில் ஒரு ஹோம் டெக்ஸ்டைல்ஸ் யூனிட்டில் சூப்பர்வைசர், சர்க்கரை நோய் உண்டு. போனில் லேசாகச் சொன்னதற்கே அம்மா அழுதுவிட்டார். "பெரிய கம்பெனியை விட்டுட்டு அங்க எதுக்கு?" என்பதைத் தாண்டி அப்பா பேசவே இல்லை. அவர்களிடம் எதைச் சொல்லி, எப்படிப் புரியவைப்பது? வசனமாகவே எழுதிக் கொடுத்தால் நல்லது. பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், மாதச் செலவுக் கணக்கு மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி

பதில்: வசனம் எழுதித் தருகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வசனம் மட்டும் பேசினால், "இவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

இருபது வருடம் ஆட்களை வேலைக்கு எடுக்கிற வேலையில் இருந்தவன் நான். ஸ்டார்ட்அப்புக்கு வரும் பிள்ளைகள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் "குரோத் இருக்கு", "லேர்னிங் இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். அப்பா அம்மா மனதில் ஓடுவதோ வேறு. வீட்டுக்கு வருகிற பணம் நிற்குமா? ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யார் பார்ப்பது? கம்பெனியை மூடினால் என்ன செய்வாள்? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது? இந்த நாலுக்கும் பதில் வந்த பிறகுதான் "குரோத்" அவர்கள் காதில் ஏறும்.

முதலில் பணம். சி.டி.சி.யை வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு 2 லட்சம் குறைகிறது, அதாவது மாதம் 16,000க்கு மேல். வீட்டில் இந்த எண்ணைத்தான் சொல்லியிருப்பீர்கள், அதனால்தான் அம்மா அழுதிருக்கிறார். உங்கள் பே ஸ்லிப்பைப் பார்த்தேன். அந்த 7.4 லட்சத்துக்குள், கூடவோ குறையவோ கிடைக்கிற வேரியபிள் பே 67,000 இருக்கிறது. போன தடவை அதில் உங்களுக்குக் கிடைத்தது 40,000. பி.எஃப்.பில் கம்பெனி போடுகிற பங்கும் கிராஜுட்டியும் இன்சூரன்ஸ் பிரீமியமும் கூட அதற்குள்ளேதான். புது ஆஃபரில் வேரியபிள் கிடையாது. பி.எஃப். குறைந்தபட்சக் கணக்கில், அதாவது 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 12 சதவீதமாக, மாதம் 1,800 பிடிப்பார்கள். ஆகவே கைக்கு 41,200 வரும். கைக்கு வருவதில் வித்தியாசம் மாதம் 6,800தான்.

அடுத்து செலவு. இப்போது நாவலூர் ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டோடு 11,500, ஊருக்குப் போய்வரவும் போனுக்கும் மற்றதுக்கும் 5,500, படிப்புக் கடன் தவணை 6,200, வீட்டுக்கு 12,000, சீட்டு 5,000. மொத்தம் 40,200 போக 7,800 மிச்சம். சரவணம்பட்டியில் நீங்கள் விசாரித்த ஹாஸ்டல் 8,500. கரூர் பக்கம் என்பதால் பஸ் செலவிலும் 1,000 குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. அங்கே மொத்தச் செலவு 36,200, மிச்சம் 5,000. அதாவது வீட்டுக்கு அனுப்புகிற 12,000 அப்படியே இருக்கிறது, சீட்டும் தொடர்கிறது, கடனும் கட்டப்படுகிறது. குறைவது உங்கள் சேமிப்பு மட்டும்தான்.

ஆனால் இதை இத்தோடு விட்டால் அது ஏமாற்றுக் கணக்கு. இப்போதைய கம்பெனியின் குரூப் இன்சூரன்சில் அப்பா அம்மா இரண்டு பேரும் இருக்கிறார்கள். புது ஆஃபர் லெட்டரில் "employee only" என்று போட்டிருக்கிறது. உங்கள் விஷயத்தில் இருப்பதிலேயே பெரிய ஓட்டை இதுதான், சம்பளக் குறைவுகூட இதற்கு அடுத்ததுதான். சர்க்கரை இருக்கிற 57 வயதுக்காரருக்குப் புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம். 2024க்கு முன்னால் அது 4 வருடமாக இருந்தது. குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு கிடையாது.

அதனால் புது கம்பெனியிடம் சம்பளத்தை 2,000 கூட்டித் தாருங்கள் என்று பேரம் பேச வேண்டாம். "அப்பா அம்மாவை உங்கள் குரூப் பாலிசியில் சேருங்கள், பிரீமியத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். 28 பேர் இருக்கிற கம்பெனிக்கு அவர்களுடைய இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்கிற வேலைதான். முடியாது என்றால், இப்போதைய குரூப் பாலிசி எந்த இன்சூரன்ஸ் கம்பெனியுடையதோ அவர்களிடமே தனிப் பாலிசியாக மாற்றித் தரச் சொல்லி, வேலையை விடுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். அப்படி மாறினால் இதுவரை உள்ளே இருந்த காலத்தைக் காத்திருப்பில் கழித்துக்கொள்ள வழி உண்டு. எப்படி எடுத்தாலும் வருடம் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 2,500. இப்போது உங்கள் உண்மையான மிச்சம் 2,500.

ஆக, 7,800 சேமித்தவர் 2,500 சேமிப்பீர்கள். போகிற வேரியபிள் 40,000. பி.எஃப்.பில் உங்கள் பங்கும் கம்பெனி பங்குமாகச் சேர்த்து மாதம் சுமார் 2,300 குறையும். எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு 1.3 லட்சம், ஒன்றரை வருடத்தில் ஏறத்தாழ 2 லட்சம். இந்த முடிவின் விலை இதுதான். அப்பாவிடம் இதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். துணிக் கணக்கு பார்க்கிறவர், ஒரு எண் ஒளிக்கப்பட்டிருந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் தேதிகளில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. கிராஜுட்டிக்கு 5 வருடம் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. உங்களுக்கு நாலரை வருடம் முடிந்துவிட்டது, நோட்டீஸ் 90 நாள். நோட்டீஸ் முழுவதையும் வேலை செய்துவிட்டு வெளியே வரும்போது நாலே முக்கால் வருடம் ஆகியிருக்கும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 24,500ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, 5 வருடத்துக்குப் போட்டால் 70,000க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. சில கம்பெனிகள் முழு 5 வருடம் இல்லையென்று மறுத்துப் பார்ப்பார்கள், அதனால் இப்போதே எச்.ஆரிடம் மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புது கம்பெனி "நோட்டீசைப் பணம் கட்டி பை-அவுட் பண்ணிடுங்க, சீக்கிரம் வாங்க" என்று அவசரப்படுத்தினால் சம்மதிக்காதீர்கள், அந்த அவசரத்தின் விலை 70,000. இதோடு பேங்கில் வைத்திருக்கிற 1.6 லட்சத்தையும் சேர்த்தால் 2.3 லட்சம். இன்சூரன்சையும் சேர்த்து உங்கள் மாதச் செலவு 38,700. ஏறத்தாழ ஆறு மாதம் சம்பளமே வராவிட்டாலும் வீட்டுக்கு 12,000 போகும். அப்பாவுக்கு இந்த ஒரு வரி போதும்.

ஈசாப், அதாவது ஊழியர்களுக்குக் கம்பெனி தருகிற பங்கு பற்றி. "நாலு வருடத்தில் 4 லட்சம் மதிப்புள்ள பங்கு" என்று ஆஃபரில் இருப்பதை வீட்டில் பணமாகச் சொல்லவே சொல்லாதீர்கள். சட்டப்படி கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருடம் ஆகாமல் ஒன்றும் உங்களுக்குச் சேராது. சேர்ந்த பிறகும் காசு கொடுத்துத்தான் பங்கை வாங்க வேண்டும், வாங்குகிற அன்றைக்கு அதன் மதிப்பு கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தைச் சம்பளமாகக் கணக்கிட்டு வரி வரும். பட்டியலிடாத கம்பெனிப் பங்கை விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. 2021இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானபோது சென்னையில் பலர் கோடீஸ்வரர் ஆனது உண்மை. அதைக் காட்டித்தான் இந்த ஊரில் எல்லாரும் ஈசாப் தருகிறார்கள். உங்கள் தாளில் அதற்கு நேரே பூஜ்யம் போடுங்கள்.

அடுத்து கம்பெனியைச் சோதிப்பது. பி.எஃப். ஆபீஸ் வெப்சைட்டில் `Establishment Search` என்று ஒரு இடம் இருக்கிறது. கம்பெனி பெயரைப் போட்டு `View Payment Details` பார்த்தால், எந்த மாதச் சம்பளத்துக்கு எந்தத் தேதியில் பி.எஃப். கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். லாகின் எதுவும் வேண்டாம். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். கட்டாயம், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கடந்த 12 மாதத்தைப் பாருங்கள். தேதி 15க்குள் இருக்கிறதா? ஆள் எண்ணிக்கை 28க்குப் பக்கத்தில் இருக்கிறதா, அல்லது 40இல் இருந்து இறங்கி வந்திருக்கிறதா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் எச்.ஆராக இருந்த ஒரு சின்ன கம்பெனியில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது முதலில் தாமதமானது சம்பளம் இல்லை, பி.எஃப். சம்பளம் ஒரு நாள் தள்ளினால் ஆபீஸ் முழுக்கப் பேச்சு ஆகிவிடும், பி.எஃப். தள்ளினால் யாருக்கும் தெரியாது. 15ஆம் தேதி 22 ஆனது, பிறகு அடுத்த மாதத்துக்கே தள்ளிப்போனது. சம்பளம் நின்றது அதற்கு நாலு மாதம் கழித்து. அந்தத் தேதிகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நானே கடைசியில்தான் வேலை தேடினேன்.

இன்னொன்று, நிறுவனரிடம் நேராகக் கேளுங்கள்: "மாதம் எவ்வளவு செலவு, வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வருகிறது, பேங்கில் எவ்வளவு இருக்கிறது?" செலவு 22 லட்சம், வரவு 9 லட்சம், கையிருப்பு இரண்டரைக் கோடி என்று சொன்னால், மாதம் 13 லட்சம் கரைகிறது, 19 மாதம் தாங்கும். 12 மாதத்துக்குக் குறைவு என்றால் நான் போக வேண்டாம் என்பேன். பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பினாலும் அதேதான்.

கடைசிச் சோதனையை உங்கள் அப்பாவிடம் விடுங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்டது இது. இந்த கம்பெனியின் வாடிக்கையாளர்கள் கரூர், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள். அந்த சாஃப்ட்வேரை யார் உண்மையில் பயன்படுத்துகிறார்கள், யார் டெமோ பார்த்துவிட்டு மூலையில் போட்டார்கள் என்று இரண்டு போன் போட்டால் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். உங்களால் அது முடியாது, முதலீட்டாளர்களால்கூட அவ்வளவு சீக்கிரம் முடியாது. அவருக்கு நீங்கள் புரியவைக்கப் போகவில்லை, விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறீர்கள்.

இனி வசனம். போனில் வேண்டாம். சனிக்கிழமை யூனிட்டில் வாரக்கூலி பட்டுவாடா முடித்து அப்பா களைத்து வருவார், அன்றைக்கும் வேண்டாம். ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். லேப்டாப் வேண்டாம், தாள் போதும்.

நீங்கள்: அப்பா, அந்த வேலை விஷயம் நான் இன்னும் முடிவு பண்ணல. உங்ககிட்ட கேக்காம ரிசைன் பண்ண மாட்டேன். கணக்கு எழுதிட்டு வந்திருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

(இந்த மூன்று வாக்கியத்தை மாற்ற வேண்டாம். போனில் அவர்கள் கேட்டது ஒரு அறிவிப்பு. இது அறிவிப்பு இல்லை என்பது முதலில் தெரிய வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.)

அப்பா: என்ன கணக்கு கண்ணு? ரெண்டு லட்சம் குறையுதுன்னு நீதான சொன்னே?

நீங்கள்: அது கம்பெனி பேப்பர்ல போடுற கணக்குங்கப்பா. கைக்கு வர்றதுல மாசம் 6,800 குறையுது. ஹாஸ்டல், பஸ் செலவுல 4,000 மிச்சம். வீட்டுக்கு 12,000 அப்படியே வரும். சீட்டும் நிக்காது. குறையறது என் சேமிப்பு. ஒன்றரை வருஷத்துல எல்லாம் சேத்து 2 லட்சம் எனக்கு நட்டம். அதை மறைக்கல, இந்தா இங்க எழுதியிருக்கேன்.

அம்மா: உங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அந்த கார்டுதான ஆஸ்பத்திரியில காட்டினோம்?

நீங்கள்: அதை முதல்ல கேட்டுட்டேம்மா. உங்க ரெண்டு பேரையும் அங்கயும் சேத்துக்கறதா எழுதித் தரச் சொல்லியிருக்கேன். எழுத்துல வந்தாத்தான் நான் இங்க பேப்பர் போடுவேன்.

(இந்த வரியைச் சொல்லும்போது அது நடந்திருக்க வேண்டும். கேட்காமல் போய் உட்காராதீர்கள். பேச்சு உடைகிற இடம் பெரும்பாலும் இங்கேதான். அம்மா கேட்கிற கேள்வி மிகச் சின்னதாக இருக்கும், அதற்குப் பதில் இருக்காது.)

அப்பா: சரி, மூடிட்டா? அந்த பைஜூஸ் என்னாச்சுன்னு டி.வி.யில பாத்தியில்ல? ஊருக்கெல்லாம் விளம்பரம் பண்ணுன கம்பெனி.

நீங்கள்: பாத்தேங்கப்பா. 2022-ல 22 பில்லியன் டாலர் மதிப்புன்னாங்க, 2024-ல திவால் கேசுக்குப் போயிடுச்சு. அதனாலதான் மதிப்பு எவ்வளவுன்னு நான் கேக்கவே இல்ல. பேங்க்ல எத்தனை மாசத்துக்குக் காசு இருக்குன்னு கேட்டேன். 19 மாசம்னு சொன்னாங்க. ஒரு வருஷமா பி.எஃப். எந்தத் தேதியில கட்டியிருக்காங்கன்னும் எடுத்துட்டு வந்திருக்கேன், பாருங்க.

(அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். கூலியும் பி.எஃப்.பும் போடுகிற யூனிட்டில் இருப்பவருக்கு அந்தத் தேதிகளின் அர்த்தம் நீங்கள் சொல்லாமலே தெரியும். மாதங்கள் 19 இல்லாமல் வேறு ஏதாவது என்றால் அதையே சொல்லுங்கள்.)

அப்பா: 19 மாசம் கழிச்சு?

நீங்கள்: அதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு எல்லை வெச்சிருக்கேன். பி.எஃப். ரெண்டு மாசம் தொடர்ந்து லேட் ஆனா, இல்ல சம்பளம் ஒரு தடவை பத்து நாள் தள்ளினா, அன்னைக்கே வேற வேலை தேட ஆரம்பிச்சுருவேன். ரெண்டு மாச சம்பளம் நின்னா வெளிய வந்துருவேன். ஆறு மாசம் வீட்டை ஓட்டக் கையில காசு இருக்கும், அதைத் தொட மாட்டேன். ஒன்றரை வருஷம் ஆனதும் நீங்களும் நானும் இதே மாதிரி உக்காந்து பாக்கலாம்.

அப்பா: அதெல்லாம் சரி. 2025-ல அமெரிக்காக்காரன் 50 பர்சன்ட் வரி போட்டப்ப இங்க ஆர்டரே ஆடிப்போச்சு. ஆர்டர் இல்லாத எக்ஸ்போர்ட்டர் சாஃப்ட்வேருக்கு எங்க காசு குடுப்பான்?

(இது வந்தால் சந்தோஷப்படுங்கள். பயத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்துவிட்டார். இதற்கு உங்களிடம் பதில் இல்லை, இருப்பதாகக் காட்டவும் வேண்டாம்.)

நீங்கள்: அதுதாங்கப்பா எனக்கும் தெரியல. அவங்க வாடிக்கையாளர் லிஸ்ட்ல கரூர்ல மூணு பேர் இருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா பாருங்க. நிஜமா யூஸ் பண்றாங்களா, ஆர்டர் குறைஞ்சப்ப நிறுத்திட்டாங்களா, காசு ஒழுங்காக் குடுக்கறாங்களான்னு நீங்க கேட்டுச் சொன்னா நான் நம்புவேன். அவங்க யூஸ் பண்ணலைன்னு சொன்னா நான் போகல.

(கடைசி வாக்கியத்தை மனதாரச் சொல்ல முடியுமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் அதை விட்டுவிடுங்கள். மூன்று ஏற்றுமதியாளரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்த பிறகும் போவீர்கள் என்றால், அப்பாவைக் கேட்பது நாடகம்.)

இப்போதுதான் அம்மாவோ அப்பாவோ கேட்பார்கள்: "இவ்வளவு பாடுபட்டு அங்க எதுக்குப் போகணும்?" இந்தக் கேள்வி வரும் வரை உங்கள் காரணத்தைச் சொல்ல வேண்டாம்.

நீங்கள்: நாலரை வருஷமா ராத்திரி ஷிஃப்ட்ல ஸ்கிரீனைப் பாத்துட்டு இருக்கேன். எங்கயோ ஒரு புரோகிராம் நின்னா டிக்கெட் போடுவேன், வேற யாரோ சரி பண்ணுவாங்க. போன மாசம் ஒரு இன்டர்வியூல "நீங்களா என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டாங்க, பதில் வரல. இங்க ஒரு யூனிட்டுக்குப் போய் உக்காந்து, பையர் ஆர்டர் வந்ததுலருந்து லேப் டிப், தறி, சாயம், தையல், பேக்கிங் வரைக்கும் எப்படிப் போகுதுன்னு பாத்து, அதை சாஃப்ட்வேர்ல கொண்டு வரணும். அது என் கையால செஞ்சதா இருக்கும். நாளைக்கு இந்த கம்பெனி இருந்தாலும் இல்லாட்டியும் அதை வேற இடத்துல காட்டலாம். எனக்கு அந்த வேலையில பாதி உங்ககிட்டதான் கேட்டுக் கத்துக்கணும்.

நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரில் இருக்கிற வேலை விவரத்தை வைத்துத்தான் இதை எழுதினேன். அதுவும் டிக்கெட் பார்க்கிற வேலையாகவே இருந்திருந்தால், இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். குறைந்த சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்யப் போவதில் எந்த நியாயமும் இல்லை. அதனால் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்களுக்கு முன்னால் இதே பொறுப்பில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார், அங்கே என்ன வேலை பார்க்கிறார்? கம்பெனியை விட்டுப் போன இரண்டு பேரிடம் போனில் பேசுங்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் சொல்வார்கள்.

பிறகு கல்யாணம். அம்மா அழுததில் பாதி இதுவாகத்தான் இருக்கும், நேரடியாகச் சொல்ல மாட்டார். நீங்களே எடுத்துவிடுவது நல்லது.

நீங்கள்: அம்மா, யாராச்சும் பொண்ணு எங்க வேலை பாக்குதுன்னு கேட்டா, கம்பெனி பேரைச் சொல்லிட்டு முழிக்காதீங்க. நம்ம ஊர் எக்ஸ்போர்ட் யூனிட்டுகளுக்கு சாஃப்ட்வேர் செய்யற கம்பெனி, கோயமுத்தூர்லன்னு சொல்லுங்க.

அம்மா: சென்னையை விட கோயமுத்தூர் பக்கந்தான்... ஆனா சம்பளம் எவ்வளவுன்னு கேப்பாங்களே?

நீங்கள்: உள்ளதைச் சொல்லுங்கம்மா. 41,000. அதுக்காக வேண்டாம்னு போறவங்க போகட்டும். ஒரு வருஷத்துக்குள்ள நல்ல இடம் வந்தா நான் தட்டிக் கழிக்க மாட்டேன்.

(கடைசி வாக்கியம் உங்கள் விருப்பம். மனதில் இல்லையென்றால் சொல்லாதீர்கள், பிறகு அதையே பிடித்துக்கொள்வார்கள்.)

அன்றைக்கே "சரி" வராது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று அப்பா எழுந்து போனால் பேச்சு நன்றாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். தாளை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை அவர் அதை யூனிட்டின் அக்கவுன்டன்ட்டிடமோ முதலாளியிடமோ காட்டுவார். காட்டட்டும். அவர்கள் உங்களைவிடக் கறாராகக் கேள்வி கேட்பார்கள், அந்தக் கேள்விகளை அப்படியே வாங்கி நிறுவனரிடம் கேளுங்கள். ஆஃபருக்குக் கெடு ஒரு வாரம்தான் என்று சொன்னார்கள் என்றீர்கள். இரண்டு வாரம் கேளுங்கள். உங்கள் நோட்டீசே 90 நாள், ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருப்பதில் அவர்களுக்கு ஒன்றும் முழுகிவிடாது.

சேர்ந்த பிறகு பி.எஃப். பாஸ்புக்கை மாதம் ஒரு முறை பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருமான வரி வெப்சைட்டில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிற வரிக் கணக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் வரி பிடித்திருந்தால், பிடித்தது அங்கே ஏறியிருக்க வேண்டும். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அப்பா கேட்காமலே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் வரி ஆஃபர் லெட்டரில் ஏறி, திருத்திய லெட்டர் கையெழுத்தோடு கைக்கு வருகிற வரை இப்போதைய வேலையில் பேப்பர் போடாதீர்கள். "சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும், நிறுவனரே சொன்னாலும் சரி.